நாலாவது பத்தியில் ஒரு ஜெனரேட்டர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு ஏதாவது கேட்கப் போனால், போனதும் கேட்டுவிடுகிற வழக்கம் கிடையாது. தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். கடலை எப்படிக் காய்த்திருக்கிறது, பெரிய பெண்ணுக்கு வரன் ஏதாவது வந்ததா என்று விசாரிக்க வேண்டும். காபி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். எல்லாம் முடிந்து, “அப்ப நான் கெளம்பறேங்க” என்று எழுந்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், “வந்ததே ஒரு விஷயமாத்தான்” என்று இழுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அந்தச் செருப்புக்காகத்தான் அவரும் காத்திருப்பார்.

சென்னையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் கம்பெனியின் துணைத் தலைவருக்கு நான் எழுதிய முதல் மெயிலும் அப்படித்தான் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகிச் சிங்கவரத்துக்கு வந்த பிறகு, ஒரு தனியார் பால் கம்பெனியின் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் பால் அளக்கவும் கொழுப்புப் பார்க்கவும் சேர்ந்தேன். பிறகு சுற்றியிருக்கிற ஊர்களின் நிலையங்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது செஞ்சியில் கம்பெனி திறக்கும் பால் குளிரூட்டு மையத்துக்கு நான்தான் பொறுப்பாளர். இந்த வேலைக்கு வேண்டிய எல்லாமே என்னிடம் இருப்பதாக மேனேஜர் சொல்வார், தைரியத்தைத் தவிர. உண்மைதான். பஸ் வரவில்லையென்றால் வராதோ என்று கவலை, வந்துவிட்டால் இடம் இருக்காதோ என்று கவலை, உட்கார்ந்தபிறகு வீட்டில் கேஸை மூடினேனா என்று கவலை. “உனக்குக் கவலப்பட ஒண்ணுமே இல்லன்னா, ஏன் இல்லன்னு கவலப்படுவ” என்பார் என் வீட்டுக்காரர். அவர் அதே கம்பெனிக்குப் பால் வண்டி ஓட்டுகிறார். எதற்கும் கவலைப்படாதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பட்டுவிடுவதால் அவருக்கு அந்த வசதி.

மையம் திறக்கவில்லை, அதுதான் விஷயம். கட்டடம் முடிந்துவிட்டது. பளபளவென்று எவர்சில்வர் தொட்டி வந்து இறங்கிவிட்டது. மின் இணைப்பும் வந்துவிட்டது. ஆனால் ஜெனரேட்டர் இல்லை. கறந்த பால் தொட்டிக்குள் வந்ததும் மூன்று மணி நேரத்துக்குள் நாலு டிகிரிக்கு இறங்க வேண்டும். பாதியில் கரண்ட் போய்விட்டால் அத்தனையும் திரிந்துபோகும். அதனால் மாற்று மின்சாரம் இல்லாமல் எந்த மையத்தையும் தொடங்கக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். நல்ல சட்டம்தான். எங்கள் ஊர்க் கரண்டை அறிந்தவர்கள் போட்ட சட்டம்.

ஜெனரேட்டர் ஏன் வரவில்லை என்றால், இரண்டு துறைகளுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டது. இன்ஜினியரிங் துறை சொன்னது: கம்ப்ரசர் கிளம்பும்போது அதிகமாகக் கரண்டை இழுக்கும், திட்டத்தில் போட்டிருக்கிற சின்ன ஜெனரேட்டர் தாங்காது, பெரியது வேண்டும். சாமான் வாங்கித் தருகிற கொள்முதல் துறை சொன்னது: ஒப்புதல் ஆனது சின்னதற்குத்தான், பெரியது வேண்டுமென்றால் இன்ஜினியரிங் புதிதாக ஒப்புதல் வாங்கித் தரட்டும். இன்ஜினியரிங் சொன்னது: தேவையைச் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது, ஒப்புதல் வாங்குவது கொள்முதலின் வேலை. இப்படியே மெயில்கள் போய்ப் போய் வந்தன. எல்லாவற்றிலும் எனக்கும் ஒரு நகல். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. யாரும் கோபப்படவும் இல்லை. ஒவ்வொரு மெயிலும் அன்புடன் என்றுதான் முடிந்தது.

இதற்கிடையே எங்கள் பால், கேன்களில் வண்டியேறித் திண்டிவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வேறொருவருடைய மையத்தில் வாடகைக்குக் குளிரூட்டிக்கொண்டிருந்தோம். காலைப் பால் மட்டும்தான் அப்படிப் போக முடியும். சாயந்திரப் பாலை எங்கள் ஊர்ப் பெண்கள் டீக்கடைகளுக்குக் கிடைத்த விலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மையம் வந்தால் சாயந்திரமும் எடுப்போம் என்று அவர்களிடம் வீடு வீடாகச் சொன்னவள் நான். அதை நம்பி மூன்று பேர் இன்னொரு மாடு பிடித்துவிட்டார்கள். அந்த மாடுகள் எதிரே வந்தால் நான் வேறு தெருவில் போவேன்.

அப்புறம் திண்டிவனத்துக்காரர் சொல்லிவிட்டார்: அவருக்கே பால் கூடிவிட்டது, இந்த மாதக் கடைசிக்கு மேல் எங்கள் கேனை இறக்க முடியாது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மாதக் கடைசிக்குள் எங்கள் மையம் ஓடவில்லையென்றால் நான் பார்த்துக்கொள்ளும் ஏழு ஊர்களின் காலைப் பாலும் நிற்கும். நின்ற மறுநாளே வேறு கம்பெனியின் கேன் ஊருக்குள் வந்துவிடும். அங்கே போனவர்கள் சீக்கிரத்தில் திரும்ப மாட்டார்கள். பாலைப் பிடிப்பது கஷ்டம், விட்ட பாலைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

எங்கள் மேனேஜர் விழுப்புரத்திலிருந்து பைக்கில் வருகிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆட்கள் முன்னால் அவரைச் சார் என்பேன், தனியாக இருந்தால் தம்பி. வழி இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். திருவண்ணாமலைப் பக்கம் கம்பெனி மூடிவிட்ட ஒரு மையத்தில் பெரிய ஜெனரேட்டர் சும்மா நிற்கிறது. அதை இங்கே கொண்டுவந்துவிடலாம். ஆனால் அது வேறு மண்டலத்துச் சொத்து. மண்டலம் விட்டு மண்டலம் மாற்ற உத்தரவு போடக்கூடியவர் துணைத் தலைவர் ஒருவர்தான். கொள்முதல், இன்ஜினியரிங் இரண்டுக்கும் மேலே இருப்பவரும் அவர்தான்.

“இடத்துல இருக்கறவங்க நீங்க. நீங்களே எழுதுங்கக்கா. தமிழ்ல எழுதி அனுப்புங்க, நான் இங்கிலீஷ்ல போட்டு, உங்க பேரும் என் பேரும் போட்டு அனுப்பறேன்” என்றார். அந்த வாரம் அவருக்கு நாலு ஊரில் ஆடிட் இருந்தது.

நான் இரண்டு நாள் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கத்தில் தொடங்கினேன். மையத்துக்கு இடம் பார்த்த கதையை எழுதினேன். மழையிலும் கட்டட வேலை நிற்காமல் நடந்ததை, தொட்டி வந்து இறங்கிய அழகை, ஊர்ப் பெண்கள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்ததை எல்லாம் எழுதினேன். பிறகு, இரண்டு துறைகளிலும் எல்லோரும் நல்லவர்கள், மிகவும் ஒத்துழைக்கிறார்கள் என்று எழுதினேன். யார் மனதும் புண்படக் கூடாது அல்லவா. நாலாவது பத்தியில், நன்றி சொல்வதற்குச் சற்று முன்னால், ஐயா மனது வைத்தால் மூடிய மையத்து ஜெனரேட்டரைப் பற்றியும் யோசிக்கலாம் என்று ஒரு வரி. மேனேஜர் ஆடிட் நடுவில் அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றி அனுப்பிவிட்டார்.

மறுநாளே பதில் வந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் போனில் படித்தார். இரண்டே வரி. செஞ்சி மைய வேலை இவ்வளவு சிறப்பாக நடப்பதில் மகிழ்ச்சி, குழுவினர் அனைவருக்கும் வாழ்த்துகள்.

“முடிஞ்சிடுச்சு போ, பெரியவரே வாழ்த்திட்டாரு” என்றார் அவர். அன்றைக்கு எனக்கும் முடிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். எனக்கே ஆச்சரியம்.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். சிங்கவரம் போகிற ரோட்டில் இருக்கும் புது மையத்துக்குள், தொட்டிக்குப் பக்கத்தில், காலிக் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். சன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கத்து வெயில் உள்ளே வந்து விழுந்தது.

“ஜெனரேட்டர் எப்ப தம்பி ஏத்தறாங்க?” என்றேன்.

“இன்னும் உத்தரவே வரலியேக்கா?”

“அதான் ஐயா வாழ்த்திட்டாரே.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மெயிலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். தள்ளினார், தள்ளினார். சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“அக்கா, இது மெயிலா, மெகா சீரியலா? ஜெனரேட்டர் எங்க இருக்குது தெரியுதா? கிளைமாக்ஸ்ல இருக்குது. அவரு மொத எபிசோடு பாத்துட்டு டிவிய நிறுத்திட்டாரு.”

“முழுசாப் படிக்க மாட்டாங்களா?”

“ஒரு நாளைக்கு அவருக்கு எத்தினி மெயில் வருதோ. காருல போம்போது போன்ல பாக்கறாரு. மேல இருக்கற மூணு வரிதான் கண்ணுல படும். மழையிலயும் வேலை நிக்கலன்னு இருக்குது. நல்லா நடக்குது போலன்னு வாழ்த்திட்டாரு. அவரு மேல இன்னா தப்பு?” என்றவர், “என் மேலயும் தப்புதான். படிச்சித்தான் அனுப்பினேன். எனக்கே அது ரிப்போர்ட் மாதிரிதான் இருந்துச்சு” என்றார்.

மாதக் கடைசிக்கு அப்போது பன்னிரண்டு நாள்தான் இருந்தது. “இப்ப இன்னா தம்பி பண்றது? வாழ்த்தினவருகிட்ட போயி ஒண்ணும் நடக்கலன்னு எப்படிச் சொல்றது?”

“சொல்லித்தான் ஆவணும். அவருக்கு நாலே விஷயந்தான் தெரியணும். அவரு இன்னா செய்யணும். செய்யலன்னா இன்னா ஆவும். எப்பக்குள்ள. அப்புறம், நாம இதுவரைக்கும் இன்னா பண்ணிப் பாத்தோம். மொத மூணும் மேல. மத்தது கீழ.”

“வணக்கம்?”

“வணக்கம் ஒரு வார்த்த. போதும்.”

முதல் வரியைப் போடவே எனக்குக் கை வரவில்லை. திருவண்ணாமலை மண்டலத்தில் மூடிய மையத்தின் ஜெனரேட்டரைச் செஞ்சிக்கு மாற்ற உங்கள் அனுமதி வேண்டும். எழுதிவிட்டுப் பார்த்தால், ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து நடுக்கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. “மனசு வைத்தால்னு சேத்துக்கட்டா?” என்றேன்.

“மனசு வெக்கிறது அவரு இஷ்டம். நாம கேக்கறது இன்னான்னு அவருக்குப் புரியணும் இல்ல? ‘யோசிக்கலாம்’னு எழுதினா யோசிச்சிட்டுப் போயிடுவாரு. அனுமதி வேணும்னு எழுதுங்க. அனுமதின்னா குடுக்கணும், இல்ல மறுக்கணும்.”

அடுத்தது ஆபத்து. நான் எழுதியது: ஏழு ஊர்ப் பெண்களும் மிகவும் மனம் வருந்துவார்கள்.

“வருந்துவாங்கதான். ஆனா கம்பெனிக்கு இன்னா ஆவும்?”

யோசித்து எழுதினேன். மாதம் முடிந்தால் திண்டிவனத்தில் நம் பாலை இறக்க இடமில்லை. ஏழு ஊர்க் காலைப் பால் முழுவதும் நிற்கும். நின்ற பால் வேறு கம்பெனிக்குப் போகும். திரும்பக் கொண்டுவர ஒரு வருஷமாவது ஆகும். படிக்கும்போது எனக்கே பகீரென்றது. இத்தனை நாள் என் வயிற்றுக்குள் கிடந்தது இதுதான். அதை நான் ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. பயந்தவர்கள் பயத்தைத்தான் முதலில் எழுதுவார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் பயத்தை மூடி மேலே பூ வைத்திருந்தேன்.

தேதியில் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். “மாசக் கடைசிக்குள்ள” என்று நான் எழுதினேன்.

“அது நமக்குக் கடைசி. அவருக்குக் கடைசி எப்ப? பின்னாலருந்து எண்ணுங்க.”

ஜெனரேட்டரைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். இங்கே மேடை போட்டு நிறுத்த வேண்டும். வயர் இழுத்து இணைக்க வேண்டும். மின் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஒரு நாளாவது தண்ணீர் ஊற்றித் தொட்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரலை மடக்கி மடக்கிப் பின்னால் வந்தால், அவருடைய பதில் புதன்கிழமை சாயந்திரத்துக்குள் வந்தாக வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது திங்கட்கிழமை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேனிலிருந்து அவர் எழுந்தேவிட்டார்.

தலைப்பிலும் அதையே போட்டோம்: செஞ்சி மையம் – ஜெனரேட்டர் மாற்ற அனுமதி – புதன் மாலைக்குள். முதல் மெயிலின் தலைப்பு ‘செஞ்சி மையம் பற்றி’ என்று இருந்தது.

கீழ்ப்பாதியில் ஒரு தகராறு வந்தது. இன்ஜினியரிங் இப்படிச் சொன்னது, கொள்முதல் அப்படிச் சொன்னது, இரண்டு பேரும் இழுத்தடித்தார்கள் என்று மேனேஜர் சூடாக எழுதினார். அதை எடுத்துவிடுங்கள் என்றேன். “இருக்கறதத்தான எழுதறேன்” என்றார். “இருக்கறதுதான் தம்பி. ஆனா அதப் படிச்சா ஐயாவுக்கு யாரு தப்புன்னு கேக்கத் தோணும். அத விசாரிக்கறதுக்குள்ள புதன் போயிடும்.” அவர் எழுதியதை அழித்தார். பிறகு இப்படி மாற்றினார்: இரண்டு துறைகளும் சொல்வது அவரவர் விதிப்படி சரி, இரண்டுக்கும் மேலே ஒரு முடிவு தேவைப்படுகிறது, பழைய மெயில்கள் கீழே உள்ளன.

இன்னொன்றும் கேட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அந்த இரண்டு துறைக்காரர்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிடுவோம், மெயிலில் அவர்களுக்கும் நகல் போடுவோம். அவர்களைத் தாண்டி மேலே போகிறோம் என்று மூன்றாம் ஆள் சொல்லி அவர்களுக்குத் தெரியக் கூடாது. மேனேஜருக்கும் அது பயம்தான், போனை என்னிடம் நீட்டிவிட்டார். இன்ஜினியரிங்காரர், “போடுங்கம்மா, எனக்கும் தொல்லை விட்டுது” என்றார். கொள்முதல்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, “முன்னாடியே போட்டிருக்கலாமே” என்றார். இரண்டு பேரும் எங்களைப் போலவே யாராவது மேலே சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்கள்.

இங்கிலீஷில் மாற்றியபிறகு முழு மெயிலும் போன் திரையில் தள்ளாமலே தெரிந்தது. அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் போனது. செவ்வாய் காலை வல்லத்தில் ஒரு நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பாலைக் கொதிக்க வைத்துத் திரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேனேஜர்.

“அக்கா, கேட்டாருக்கா.”

“இன்னா கேட்டாரு? கோவமா?”

“கேள்வி கேட்டாரு. அந்த மையம் திரும்பத் தொறக்கற எண்ணம் இருக்குதான்னு அந்த மண்டலத்து ஆளக் கேட்டிருக்காரு. நமக்கும் நகல்.”

எண்ணமில்லை என்று அந்த மண்டலத்து ஆளின் பதில் வருவதற்குள் என் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. திரியவில்லை, வழிந்ததோடு சரி. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் உத்தரவு வந்தது. மாற்றலாம். தற்காலிகமாக மட்டும். செஞ்சிக்கு வேண்டிய ஜெனரேட்டர் அளவை இன்ஜினியரிங்கும் கொள்முதலும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்து அடுத்த மாதத்துக்குள் எழுத வேண்டும். எங்களுக்குத் தனியாக ஒரு வரி: இதை எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

“சொன்னோங்க சார், நாலாவது பத்தியிலன்னு எழுதட்டாக்கா?” என்றார் மேனேஜர்.

“ஐயோ, வேணாம் தம்பி.”

“சும்மா சொன்னேன். ஒங்க மூச்சு நிக்குதா பாத்தேன்.”

மன்னிக்கவும், இனி நேராகச் சொல்கிறோம் என்று எழுதி முடித்தார். அதற்கும் முன்னால் பணிவான வணக்கம் போட்டிருந்தாராம், பிறகு அழித்துவிட்டாராம். பழக்கம் என் மூலமாக அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெனரேட்டர் லாரியில் வந்து இறங்கியதை, ஆய்வாளர் வந்து பார்த்ததை, தண்ணீர் ஊற்றி ஓட்டியதை எல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மழையிலும் வேலை நடந்தது என்கிற கதையாகிவிடும். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மையம் ஓடத் தொடங்கியது. திண்டிவனத்தில் கடைசிக் கேனை இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், மறுநாள் எங்கள் மையத்தில் இறக்கினார்.

முதல் நாள் சாயந்திரப் பாலை ஊர் நிலையத்தில் கொடுத்துவிட்டு, பால் வண்டியிலேயே ஏறி மையத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர், இன்னொரு மாடு பிடித்தவர்களில். தொட்டிக்குள் பாலைக் கலக்கும் துடுப்பு சுற்றுவதையும் வெப்பநிலை காட்டும் திரையில் எண் இறங்குவதையும் பார்த்தபடி நின்றார்கள். இருபது. பதினெட்டு. அந்த நேரத்தில் கரண்ட் போனது. உள்ளே இருட்டு. நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஜெனரேட்டர் ஒருதரம் இருமியது, உறுமியது, விளக்கு எரிந்தது, கம்ப்ரசர் மறுபடி கிளம்பியது. எண் பதினேழுக்கு வந்தது.

“இன்னாமா சத்தம் இது, எங்க வீட்டாண்ட வரைக்கும் கேக்கும் போல” என்றாள் ஒருத்தி.

“கேக்கட்டும்டி, அப்பத்தான் நம்ம பாலு கெடலன்னு தெரியும்” என்றாள் மற்றவள். பிறகு என்னைப் பார்த்து, “நீ ஏம்மா மூஞ்சிய இப்படி வெச்சிங்கிற? அதான் ஓடுதே?” என்றாள்.

ஓடுகிறதுதான். நாலு டிகிரிக்கு இறங்கும் வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். டீசல் மீதி எவ்வளவு இருக்கிறது என்று ஒருதரம் மட்டும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.